சின்னத்துரைகளுக்கு ஒரு திறந்த மடல்: இறந்தவர் பெயர் வைக்கவில்லை

தேயிலைத் தோட்டங்களுக்கு இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் உதவி மேலாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் கோவையில் உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நரைத்தலை ஆசாமி நான்தான். ஓய்வு பெற்ற மேலாளர் என்று சொல்லி ஒரு சால்வை போட்டார்கள், நினைவிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், யாரும் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, தொழிலாளர்கள் எழுதிய லீவு லெட்டர்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மாடு சினைக்கு வந்ததால் தனக்கு ஒரு நாள் லீவு வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை.

அடுத்து ஒரு சாவு லெட்டர் வந்தது. அதற்கும் அதே சிரிப்பு. அதில் எனக்கு வேறொரு கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. எழுந்து சொல்லியிருக்கலாம். சால்வை போட்டவர்களைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

இது 2018 ஜூலையில், வால்பாறையில் நான் மேலாளராக இருந்த ஒரு தோட்டத்தில் நடந்தது. அந்தக் கடிதத்தை எழுதியவரைச் சமீபத்தில் போய்ப் பார்த்து, இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், பேரை மட்டும் போடாதீர்கள் என்றார். இந்த மடலுக்காக அவரைப் பேச்சி என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தை அவரே ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை, பெயரைத் தவிர எதையும் மாற்றவில்லை.

"உயர்திரு பெரியதொரை அய்யா அவர்கலுக்கு பேச்சி பணிவுடன் எழுதிக்கொல்வது. எனது வீட்டில் சாவு ஆகாமல் ஒரு சாவு ஆகிவிட்ட படியால் 3 நாள் லீவு தரவும். இறந்தவர் பெயர் வைக்கவில்லை. உறவு எனக்குதான். தேதி திங்கள். மற்ற நாலு மாசமும் நல்லாதான் இருந்தது. வீட்டுக்காரர் பொள்ளாச்சி போனவர் மழையில் வரவில்லை அதனால் நானே பார்த்துக்கொண்டேன். கொழுந்து முத்திரும் என்று தெரியும் 3 நாளில் கட்டாயம் வந்துருவேன். என் நெரையை யாருக்கும் குடுத்துர வேண்டாம். லீவு தந்தாலும் தராவிட்டாலும் நன்றி. இப்படிக்கு உன்மையுள்ள பேச்சி, 7ம் நம்பர் காடு."

செவ்வாய்க்கிழமை காலை, மஸ்டர் முடிந்து ஆபீஸுக்கு வந்தபோது மேசையில் அது இருந்தது. தென்மேற்குப் பருவமழை பிடித்து ஆறேழு வாரம் ஆகியிருந்தது. காகிதம் ஈரத்தில் வதங்கியிருந்தது. அதற்கு முன்பே வெளியே இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். "இறந்தவர் பேரு வைக்கலியாம், உறவு எனக்குதானாம்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் அவசரத்தில் இருந்தேன். ஃபேக்டரியில் ஒரு ரோலர் நின்றுபோயிருந்தது. கடிதத்தின் மூலையில் "3 நாள். சம்பளமில்லா விடுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓரமாக வைத்துவிட்டேன்.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தேன், யாரையும் திட்டவில்லை, இழுத்தடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்து தப்பு. சட்டப்படியும் தப்பு.

ஃபேக்டரிக்குப் போகும் வழியில் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்தேன். எனக்கு முன்பிருந்தவர்களில் யாரோ ஒட்டியது. சாவு லீவுக்கு இப்படி எழுத வேண்டும் என்று அச்சடித்த காகிதம். "எனது வீட்டில் சாவு ஆகிவிட்டபடியால் ... நாள் லீவு தரவும். இறந்தவர் பெயர்: ... உறவு: ... தேதி: ..." நூறு தடவையாவது அதைத் தாண்டிப் போயிருப்பேன். அன்றைக்குத்தான் நின்றேன்.

பேச்சி உளறவில்லை. படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருக்கிறார். பெயர் என்று கேட்டிருந்தது, வைக்கவில்லை என்று எழுதினார். உறவு என்று கேட்டிருந்தது, எனக்குத்தான் என்று எழுதினார். நாலு மாதக் கரு கலைந்ததற்கு அந்தச் சுவரில் மாதிரிக் கடிதம் எதுவும் கிடையாது. காய்ச்சலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. அவர் மூன்றையும் பார்த்துவிட்டு, தனக்கு நடந்தது எதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டார். "சாவு ஆகாமல் ஒரு சாவு" என்பதைவிடச் சரியாக எழுத எனக்கு வராது.

மேசைக்குத் திரும்பி மூலையில் எழுதியதை அடித்தேன். தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கே நர்ஸாக இருந்த அம்மாவை எல்லோரும் சிஸ்டர் என்போம். "பேச்சிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க சார். எத்தனை நாள்னு கேளுங்க, சொல்றேன். ஆறு வாரம். டாக்டர் எழுதின சான்று எங்கிட்ட இருக்கு" என்றார். ஆறு வாரம் என்றதும் எனக்கு மீதி எல்லாம் புரிந்துவிட்டது. அவர் எதையும் சொல்லாமலே சொன்னதை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

தோட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே மில்களிலும் கம்பெனிகளிலும் இந்த மாதிரி விஷயம் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. வழியாகப் போகும். தோட்டத் தொழிலாளிக்கு அப்போது அது இல்லை. நம்மிடம் அப்போது நேராக நின்றது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். கருச்சிதைவு என்றால் மறுநாளிலிருந்து ஆறு வாரம் கூலியோடு விடுப்பு என்று அதில் இருந்தது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு, அதைத்தான் நம்மில் பலர் படிப்பதில்லை. கருச்சிதைவு நடந்தது தெரிந்த பிறகு அந்த ஆறு வாரத்துக்குள் அந்தப் பெண்ணை நாம் வேலைக்கு வைக்கக் கூடாது. அவரும் வேலை செய்யக் கூடாது. அதாவது பேச்சி சொன்னபடி நாலாவது நாள் கூடையைக் கட்டிக்கொண்டு மஸ்டரில் வந்து நின்றிருந்தால், பேர் போட்ட நான் சட்டத்தை மீறியவன். அவர் விருப்பப்பட்டு வந்தார் என்று நான் சொல்லித் தப்ப முடியாது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்த ஆறு வாரமும் இந்தத் தடையும் அதிலும் அப்படியே இருக்கின்றன.

மாதக் கணக்கு முக்கியம் என்பதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். கருவுற்று 26 வாரத்துக்குள் போனால்தான் சட்டத்தில் அது கருச்சிதைவு. அதைத் தாண்டி, குழந்தை இறந்தே பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவம். அப்போது கிடைக்க வேண்டியது முழு மகப்பேறு விடுப்பு. 2017 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் 26 வாரம், உயிரோடு இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால் 12. இரண்டு இடத்திலும் 26 வருவதால் கணக்கர்கள் குழம்புவார்கள், நீங்கள் குழம்ப வேண்டாம். "ஏழு மாசம்" என்று ஒரு கடிதத்தில் பார்த்தால் ஆறு வாரம் என்று உடனே எழுதிவிடாதீர்கள், டாக்டர் சான்றில் எத்தனை வாரம் என்று பாருங்கள். பேச்சியின் கடிதத்தில் "நாலு மாசமும் நல்லாதான் இருந்தது" என்று ஒரு வரி இருக்கிறதே, எல்லோரும் சிரித்தது அதற்கும்தான். தேவையில்லாத வரி என்று தோன்றும். எனக்குத் தேவைப்பட்ட தகவல் அந்த வரியில்தான் இருந்தது.

சரி, எத்தனை நாள் என்பது முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை ஜூலை 9. மறுநாள் 10-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 42-ஆவது நாள் ஆகஸ்ட் 20. வேலைக்கு வர வேண்டியது 21, செவ்வாய்.

எங்கள் தலைமைக் கணக்கரைக் கூப்பிட்டேன். அவரும் காலையில் சிரித்தவர்களில் ஒருவர் என்று நினைக்கிறேன், நான் கேட்டுக்கொள்ளவில்லை. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கணக்குக்கு வந்துவிட்டார், அதுதான் அவருக்குத் தெரிந்த இடம். பக்கத்திலிருந்த இளைய கணக்கர் "ஆறு வாரம்னா 36 நாள் கூலி, ஞாயிற்றுக்கிழமை கழிச்சு" என்று காகிதத்தில் எழுதத் தொடங்கினார். பெரியவர் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்காத குறைதான். "தம்பி, அதுக்குத்தான் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. நம்ம மலையிலே இருந்து."

அவர் சொன்னது உண்மை. இந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு, மகப்பேறுக் கூலி கணக்கிட்டபோது ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டார்கள். வேலையே இல்லாத நாளுக்குக் கூலி எதற்கு என்பது நிர்வாகத்தின் வாதம். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்ந்ததுதான் என்று தீர்ப்பு. மேல்முறையீடு செய்தவரின் பெயரால் அதை பி. ஷா வழக்கு என்பார்கள். சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு பேச்சிக்கு எவ்வளவு என்று பார்ப்போம். முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலியை எடுக்க வேண்டும். சுலபமாக இருக்கட்டும் என்று நாளுக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 நாளுக்கு 12,600. 42 நாளுக்கு 14,700. இடையில் 2,100 ரூபாய். அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டின் ஒரு மாதத்து அரிசி பருப்பு.

நான் முதலில் போட்டுவைத்த கையெழுத்து நின்றிருந்தால் அந்த 14,700-உம் இல்லை, மூன்று நாள் கூலியும் பிடித்திருப்போம். அதற்குப் பேச்சி நன்றியும் சொல்லியிருப்பார். முன்கூட்டியே சொல்லிவிட்டாரே, தந்தாலும் தராவிட்டாலும் என்று.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி, பதில் எழுதுவது.

எங்கள் ஆபீஸில் லீவு லெட்டருக்குப் பதில் என்று தனியாக எதுவும் எழுதுகிற வழக்கம் இல்லை. கடிதத்தின் மூலையில் எழுதிக் கையெழுத்திடுவோம். சூப்பர்வைசர் அதை எடுத்துப்போய் மறுநாள் மஸ்டரில் எல்லோர் முன்னாலும் "உனக்கு மூணு நாள், உனக்கு ரெண்டு நாள்" என்று படிப்பார். அதில் தப்பாக எதுவும் நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். ஐம்பது அறுபது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்க, "பேச்சி, நாப்பத்திரண்டு நாள்" என்று அவர் கத்தினால் அப்புறம் காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கு எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அதனால் தனிக் காகிதம் எடுத்தேன். முதல் வரைவு இப்படி வந்தது: "மேற்படி தொழிலாளியின் 10.07.2018 தேதியிட்ட விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, அன்னாருக்கு ஏற்பட்ட கருச்சிதைவின் பொருட்டு..." அதற்கு மேல் பேனா போகவில்லை. கருச்சிதைவு என்ற சொல்லை அவர் எழுதவில்லை. தெரியாமல் எழுதாமலிருந்தாரா, வேண்டாம் என்று எழுதாமலிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் எழுதாததை நான் என் கையெழுத்தோடு எழுதி அவர் வீட்டுக்கு அனுப்புவது முறையில்லை. தொழிலாளர் குடியிருக்கும் பாடியில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாராவது எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டும்.

இரண்டாவது வரைவு நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஈடுசெய்ய முடியாத இழப்பு, காலம் காயத்தை ஆற்றும், தோட்ட நிர்வாகம் தங்கள் துயரில் பங்குகொள்கிறது என்றெல்லாம் ஒன்றரைப் பக்கம். எழுதும்போது கண் கலங்கியது என்பதால் நல்ல கடிதம் என்று நினைத்துவிட்டேன். சாப்பிட்டு வந்து திரும்பப் படித்தால், அதில் தேதி இல்லை, கூலி இல்லை, நெரை இல்லை. பேச்சி கேட்டவை எதுவுமே இல்லை. என் வருத்தம் மட்டும் இருந்தது. அதைப் படித்து அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாவது தடவை அவருடைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் கேள்வி எங்கெங்கே இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டேன். இரண்டே இடம். எத்தனை நாள் என்பது ஒன்று. நெரை இன்னொன்று.

நெரையைப் பற்றி உங்களுக்கு இன்னும் முழுசாகப் புரிந்திருக்காது. ஒவ்வொருவருக்கும் காட்டில் ஒரு வரிசை. வருஷக் கணக்காக அதிலேயே எடுத்தவருக்கு எந்தச் செடி எப்போது துளிர் விடும், எந்த இடத்தில் சறுக்கும், அட்டை எங்கே அதிகம் என்பது கைக்கும் காலுக்கும் தெரியும். நல்ல நெரை என்றால் நிறுவையில் கிலோ கூடும். லீவில் போனவரின் நெரையைச் சூப்பர்வைசர் தனக்கு வேண்டியவருக்கு மாற்றிவிடுவது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற அரசியல்தான். பேச்சிக்கு மூன்று நாளுக்கு மேல் கேட்கப் பயம் வந்ததே இதனால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூலி போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, பாருங்கள்.

ஆனால் "யாருக்கும் குடுத்துர வேண்டாம்" என்று அவர் கேட்டதை அப்படியே ஒப்புக்கொள்ளவும் முடியாது. மழைக்காலத்தில் எட்டுப் பத்து நாளுக்கு ஒரு சுற்று எடுத்தாக வேண்டும். ஆறு வாரம் விட்டால் இரண்டு இலை ஒரு மொட்டு என்பதெல்லாம் போய்க் குச்சியாக நிற்கும், அப்புறம் கவாத்துக்குத்தான் ஆகும். சரி என்று பொய் சொல்லலாம். ஆகஸ்டில் வந்து பார்த்தால் வேறொருத்தர் அதில் நிற்பார். அதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றும் யோசித்தேன். எங்கள் ஆபீஸ் காகிதங்களில் தொழிலாளியை "நீ" என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் "மேற்படியார்". இரண்டும் இல்லாமல் "நீங்கள்" என்று எழுதினேன். தலைமைக் கணக்கர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் எழுதிய காகிதங்களிலும் நீங்கள் வந்துவிட்டது.

கடைசியில் போன பதில் இது:

"பேச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் மூன்று நாள் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 42 நாள் உண்டு. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 20 வரை. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, அதனால் யாரிடமும் நன்றி சொல்ல வேண்டாம். 42 நாளுக்கும் கூலி வரும், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. ஆகஸ்ட் 21 செவ்வாய்க்கிழமை மஸ்டருக்கு வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் நான் பேர் போட முடியாது.

அப்போதும் உடம்பு தேறாவிட்டால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் வரை கூலியோடு இருக்கலாம்.

கொழுந்து முத்தாமல் இருக்க உங்கள் நெரையில் மற்றவர்கள் மாறி மாறி எடுப்பார்கள். யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. 21-ஆம் தேதி நீங்கள்தான் அதில் நிற்பீர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்."

கீழே கையெழுத்து. அவ்வளவுதான். "இறந்தவர்" என்றும் எழுதவில்லை, வேறு எந்தப் பெயராலும் அதைக் குறிப்பிடவில்லை. அவர் பெயர் வைக்காததற்கு நான் ஏன் பெயர் வைக்க வேண்டும் என்று தோன்றியது. இது சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை. ஒருவேளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ என்னவோ.

காகிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டி, சூப்பர்வைசரிடம் கொடுக்காமல் சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் எப்படியும் மறுநாள் பேச்சியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. போகும்போது மகப்பேறு நலப் படிவத்தையும் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். டாக்டர் சான்று, படிவம், இரண்டும் கோப்புக்குப் போயின. மஸ்டர் புத்தகத்தில் லீவு என்று மட்டும். சம்பள ஏட்டில்தான் எந்தக் கணக்கு என்ற விவரம், அதை ஆபீஸுக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை. சூப்பர்வைசரிடம் நெரையைப் பற்றிச் சொன்னபோது "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். "வர்ற வரைக்கும்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சுவரிலிருந்த மாதிரிக் கடிதங்களைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு வரி எழுதி ஒட்டச் சொன்னேன்: எத்தனை நாள் வேண்டும் என்று எழுதினால் போதும், காரணத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பொய் லீவு கூடிவிடும் என்று எச்சரித்தார்கள். கொஞ்சம் கூடியது, மறுக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து சிஸ்டர் என்னைத் திட்டினார். உங்கள் தோட்டங்களின் சுவரிலும் அந்த மாதிரிக் கடிதங்கள் இருக்கும். நாளைக்குப் போனதும் ஒரு தடவை நின்று படித்துவிடுங்கள். இந்த மடலில் நான் உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான். அப்புறம் கிழிப்பதும் கிழிக்காததும் உங்கள் இஷ்டம்.

அந்த ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தது, எங்கள் மலையிலும் மழை விடவில்லை. பொள்ளாச்சிக்குப் போகிற நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மண் சரிந்தது என்பதே தினமும் பேச்சாக இருந்தது. 21-ஆம் தேதி காலை பேச்சி வந்து மஸ்டரில் நின்றார். பேர் போட்டு, 7-ஆம் நம்பர் காட்டுக்குப் போய், தன் நெரையில் இறங்கினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் நிறுவை முடிந்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கொழுந்துச் சாக்கு நனைத்த தோளோடு, உள்ளே வராமல். என்ன என்று கேட்டேன்.

"அந்த லெட்டரைத் திருப்பிக் குடுப்பீங்களா தொரை?"

பிழையாக எழுதிவிட்டோம் என்று வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "நல்லாத்தாம்மா எழுதியிருந்தீங்க, அதிலே ஒண்ணும் தப்பில்லை" என்றேன்.

"அதுக்கில்ல தொரை. வேற எதிலயும் அது இருந்துச்சுன்னு எழுதியில்ல."

தலைமைக் கணக்கர் தலையைத் தூக்கினார். கோப்பிலிருந்து மூலக் காகிதத்தை எடுக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். படிவம் இருக்கிறது, சான்று இருக்கிறது, கூலி கொடுக்க அது போதும் என்றேன். அவர் எழுந்து போய், கோப்பைப் பிரித்து, நூலை அவிழ்த்து, கடிதத்தை உருவினார். மூலையில் நான் எழுதி அடித்த "3 நாள், சம்பளமில்லா விடுப்பு" அப்படியே தெரிந்தது. பேச்சி அதைப் பார்த்தாரா தெரியாது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஏப்ரலில் தணிக்கைக்கு வந்தவர் அந்தக் கோப்பைப் புரட்டினார். என் பதிலின் நகலில் விரலை வைத்து, "இது எந்தக் கடிதத்துக்குப் பதில்? அதைக் காணோமே?" என்று கேட்டார்.

"அது உரியவங்க கிட்ட இருக்குங்க" என்றார் தலைமைக் கணக்கர்.

அன்புடன்,
கடைசி வரிசைக்காரன்